சின்ன ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜர் பெரிய ஹோட்டலுக்கு விண்ணப்பிக்கும்போது: ஆக்குபன்சி, ரேட்டிங், டீம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது முதல் நூறு அறைகள் உள்ள ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜராக இருந்துகொண்டு இருநூறு, முந்நூறு அறை ஹோட்டலுக்குப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் 84 அறைகள் உள்ள ஒரு பிசினஸ் ஹோட்டல், வார நாட்களில் கம்பெனி ஆட்கள், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம், கொடிசியாவில் கண்காட்சி வந்தால் அறையே கிடைக்காது. எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை, நடைமுறை எல்லாம் நிஜம்.

எங்க ஆக்குபன்சி 61-லிருந்து 72 சதவீதம் ஆச்சு. ரெஸ்யூமேல முதல் வரியா அதையே போடலாமா?

போடலாம், ஆனால் அது மட்டும் தனியாக நின்றால் ரூம்ஸ் பக்கம் வேலை தெரிந்த யாரும் அடுத்த நொடியே "வாடகை என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார். ஏனென்றால் வாடகையைக் குறைத்தால் ஆக்குபன்சி தானாக ஏறும்.

நம் உதாரணத்தில் 61 சதவீதம் இருந்தபோது சராசரி அறை வாடகை 4,200 ரூபாய் என்று வையுங்கள். 72 ஆனபோது அது 3,700. ரெவ்பார், அதாவது இருக்கும் ஒவ்வொரு அறைக்கும் சராசரியாக வரும் வருமானம், முன்பு 2,562 ரூபாய், இப்போது 2,664. பதினோரு புள்ளி ஏறியும் அறைக்கு 102 ரூபாய்தான் கூடியிருக்கிறது. வருடத்துக்கு 84 அறைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 31 லட்சம் வரும், பெரிய தொகை மாதிரித்தான் தெரியும். ஆனால் அதற்காகத் தினமும் ஒன்பது அறைகள் கூடுதலாகத் துடைத்து, துணி துவைத்து, காலை டிபன் கொடுத்து, ஆன்லைன் தளங்களுக்குக் கமிஷனும் கட்டியாக வேண்டும். எல்லாம் கழித்தால் மிச்சம் என்ன என்று யோசியுங்கள். அதே 4,200 வாடகையைப் பிடித்துக்கொண்டு 66 சதவீதம் வரை கொண்டுவந்திருந்தால் ரெவ்பார் 2,772. இன்னொருவர் 66 என்று எழுதி உங்கள் 72-ஐ முந்திவிடுவார், அதுவும் நியாயமாகவே.

அதனால் ஆக்குபன்சியும் சராசரி வாடகையும் எப்போதும் ஜோடியாக வர வேண்டும். வாடகை குறைந்திருந்தாலும் மறைக்காதீர்கள். கேட்கப் போவது உறுதி.

இன்னொன்று, ஊரே ஏறியதா நீங்கள் மட்டும் ஏறினீர்களா? பக்கத்தில் உள்ள போட்டி ஹோட்டல்களின் சராசரி 64-லிருந்து 70 ஆகியிருந்தால், முன்பு அவர்களுக்குக் கீழே இருந்த நீங்கள் இப்போது மேலே. நம் ஆக்குபன்சியை அவர்கள் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் 95 ஆக இருந்தது 103 ஆகியிருக்கும். நூறு என்றால் நம் பங்கு சரியாக வருகிறது என்று அர்த்தம். பெரிய ஹோட்டல்களில் வாராவாரம் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள், அதனால் 61, 72 இரண்டையும்விட 95, 103 அவர்களுக்குச் சட்டென்று புரியும். நம்மைப் போட்டி ஹோட்டல்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டும் எஸ்.டி.ஆர் ரிப்போர்ட்டை உங்கள் ஹோட்டல் வாங்கினால் ஜி.எம்.மிடம் அது இருக்கும். வாங்காவிட்டால் இந்த வரியை விட்டுவிடுங்கள், இரவு ஷிப்டில் பக்கத்து ஹோட்டல்களுக்குப் போன் போட்டு வாங்கும் எண்ணை வைத்து இதை எழுத வேண்டாம்.

எங்க மேனேஜர் ரிப்போர்ட்லயே ரெண்டு ஆக்குபன்சி வருது. எதை எடுக்கணும்?

மொத்த அறையால் வகுத்ததை எடுங்கள். ஏசி ரிப்பேர், பாத்ரூம் கசிவு என்று ஆறு அறைகள் விற்பனைக்கு இல்லாமல் கிடக்கின்றன, 56 அறை விற்றிருக்கிறது என்றால் 84-ஆல் வகுத்தால் 66.7 சதவீதம், 78-ஆல் வகுத்தால் 71.8. ஐந்து புள்ளி வித்தியாசம், ஒரே இரவில், ஒரே ஹோட்டலில்! செயின் ஹோட்டல்கள் பின்பற்றும் முறையில் ரிப்பேரில் உள்ள அறையும் இருக்கும் அறைதான். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து மூடிக் கிடந்தால்தான் கழிப்பார்கள். ஓனர் வீட்டு விருந்தாளிக்குச் சும்மா கொடுத்த அறையையும் விற்ற கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் நேர்காணல் எடுக்கும்போது இதைக் கட்டாயம் கேட்பேன். "ரிப்பேர் அறையைக் கழித்தா, கழிக்காமலா?" என்ற கேள்விக்கு உடனே பதில் வந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தினமும் காலையில் அவரே படிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆக்குபன்சி ஏறினது சேல்ஸ், ரெவன்யூ ஆளுங்க வேலை இல்லையா? நான் எதை என்னோடதுன்னு சொல்றது?

சரியான கேள்வி. பெரிய ஹோட்டலில் ரெவன்யூ மேனேஜர் தனியாக இருப்பார், வாடகையை முடிவு செய்வது அவர். அங்கே போய் "ஆக்குபன்சியை நான் ஏற்றினேன்" என்றால் நம்ப மாட்டார்கள். உங்கள் கவுன்டரில், உங்கள் ஷிப்டில் நடந்ததைத் தனியாகப் பிரித்து எடுங்கள். அது நோ-ஷோ, வாக்-இன், அப்செல் இந்த மூன்றில்தான் பெரும்பாலும் இருக்கும்.

நோ-ஷோவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதற்கும் வழி இதேதான். மூன்று மாத நோ-ஷோ பட்டியலை எடுத்து எந்த வழியாக வந்த புக்கிங் என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்: முன்பணம் இல்லாமல் "ஹோட்டலில் வந்து கட்டுகிறேன்" என்று போட்டவை. அவர்களுக்கு மதியம் ஒரு போன், எடுக்காதவர்களுக்கு ஒரு மெசேஜ், சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் இல்லை என்றால் அந்த புக்கிங் தளத்தின் விதி அனுமதிக்கும் அளவுக்கு அறையை விடுவிப்பது என்று ஒரு பழக்கம் கொண்டுவருகிறீர்கள். மாதம் 40 நோ-ஷோ இருந்தது 22 ஆகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். 18 அறையையும் 3,700-ஆல் பெருக்கி 66,600 ரூபாய் மிச்சப்படுத்தினேன் என்று எழுதிவிடுவார்கள். ஹோட்டல் பாதி காலியாக இருந்த இரவில் நோ-ஷோ ஆன அறையை முன்கூட்டியே விடுவித்து என்ன பயன்? அதை வாங்க ஆள் இல்லையே. ஹவுஸ்ஃபுல் ஆன இரவுகளில் விடுவித்த அறைதான் திரும்ப விற்றிருக்கும். 18-இல் பத்துதான் அப்படிப்பட்ட இரவுகள் என்றால் மாதம் 37,000 ரூபாய், அவ்வளவுதான். எண் சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, எந்தக் கேள்வி கேட்டாலும் அது நிற்கும். அப்செலும் அப்படியே: ஸ்டாண்டர்ட் அறையிலிருந்து எக்சிகியூட்டிவுக்கு 800 ரூபாய் வித்தியாசம், மாதம் 45 பேர் காசு கொடுத்து மாறினார்கள் என்றால் 36,000. அறை இல்லாததால் சும்மா மாற்றிக் கொடுத்ததை அதில் சேர்க்கக் கூடாது.

ரேட்டிங்ல ஒரு வருஷம் உழைச்சும் கூகுள்ல 4.0, 4.1 ஆனதுதான் மிச்சம். இதைப் போடறதுக்கே கூச்சமா இருக்கு.

கூச்சப்பட ஒன்றுமே இல்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்து விமர்சனங்கள் எல்லாம் அந்தச் சராசரியில் சுமையாக உட்கார்ந்திருக்கின்றன. 1,200 விமர்சனம், சராசரி 4.0 என்று இருந்த இடத்தில் இந்த வருடம் 300 புதிதாக வந்து அவற்றின் சராசரி 4.5 என்றால் மொத்தம் 4.1 தான் வரும். உங்கள் வருடத்தின் எண் 4.5. அதைத்தான் எழுத வேண்டும்: "கடந்த 12 மாதத்தில் வந்த 300 கூகுள் விமர்சனங்களின் சராசரி 4.5, அதற்கு முன்பு மொத்தச் சராசரி 4.0."

ஆனால் இந்த 4.5-ஐத் திரையில் தெரியும் 4.0, 4.1 இரண்டை வைத்துக் கழித்துக் கண்டுபிடிக்காதீர்கள். கூகுள் ஒரு தசமம்தான் காட்டுகிறது. 4.1 என்பது 4.05 ஆகவும் இருக்கலாம், 4.14 ஆகவும் இருக்கலாம், அந்தச் சின்ன வித்தியாசம் 300-க்குள் அடங்கும்போது பூதாகரமாகி, பதில் 4.1 முதல் 4.9 வரை எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். விமர்சனங்களைப் புதியவை முதலில் என்று வரிசைப்படுத்தி, நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எக்செலில் போட்டு எண்ணுங்கள். ஒரு மதிய நேரம் போதும்.

எண்ணும்போதே இன்னொரு பத்தியும் போட்டுக்கொள்ளுங்கள்: இந்த விமர்சனம் எதைப் பற்றியது? செக்-இன், ரிசப்ஷன் ஆட்கள், பில் குழப்பம், லக்கேஜ் என்று நம் பக்கத்துப் புகார்கள் எத்தனை, ஏசி, சாப்பாடு, பார்க்கிங் எத்தனை. முன்பு நூறு விமர்சனத்தில் 14 பேர் செக்-இன் தாமதம் என்று எழுதினார்கள், இப்போது 5 பேர் என்றால் அந்த ஒரு வரி மொத்த ரேட்டிங்கைவிட வலுவானது. சமையலறையை மாற்றியதால் ஏறிய ரேட்டிங்கை ஃப்ரண்ட் ஆபீஸ் கணக்கில் எழுதுவதும் அந்த ஹோட்டல் எஃப் அண்ட் பி மேனேஜர் செய்த வேலைக்கு நியாயம் ஆகாது.

14, 5 ஆனது எப்படி என்பதற்கும் காரணம் கையில் இருக்க வேண்டும். காலை பதினொன்று முதல் இரண்டு வரை செக்-அவுட்டும் செக்-இன்னும் ஒரே கவுன்டரில் மோதிக்கொள்ளும். முந்தின ராத்திரியே மறுநாள் கிளம்புகிறவர்களின் பில்லை எடுத்து வைத்து, கம்பெனி பில்லுக்கான கடிதம் வந்திருக்கிறதா என்று நைட் ஆடிட்டரே பார்த்துவிடச் சொன்னால், காலையில் ஒரு செக்-அவுட்டில் பாதி நேரம் மிச்சம். செக்-இன் தாமதம் என்று எழுதப்படும் பல புகார்களுக்குக் காரணம் செக்-அவுட் வரிசைதான்.

கூகுள், புக்கிங்.காம், மேக்மைட்ரிப், டிரிப்அட்வைசர், எல்லாத்தையும் போடணுமா?

வேண்டாம். அதிக விருந்தினர் எழுதும் இரண்டு போதும், ஒவ்வொன்றிலும் எத்தனை விமர்சனம் என்பதோடு. புக்கிங்.காம் பத்துக்கு மதிப்பெண், கூகுள் ஐந்துக்கு, அதனால் 8.4 என்று வெறுமனே எழுதினால் எது என்று தெரியாது. புக்கிங்.காமில் ஊழியர்களுக்கென்று தனி மதிப்பெண் வருகிறது, நமக்கு அதுதான் முக்கியம். டிரிப்அட்வைசரில் ஊரில் எத்தனையாவது இடம் என்பது பக்கத்தில் புது ஹோட்டல் திறந்தாலே மாறிவிடும், அதை நான் பொருட்படுத்துவதில்லை.

டீம் சைஸ்ல டிரெய்னி, வாலே பார்க்கிங் பசங்க, செக்யூரிட்டி எல்லாம் சேர்த்து 28-ன்னு போடலாமா?

போட்டால் பிடித்துவிடுவார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு கவுன்டரில் இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் வாரம் ஆறு ஷிப்ட்தான் செய்வார். அப்படியென்றால் ஒரு இடத்துக்கு மூன்றரை ஆள், லீவு, உடம்பு சரியில்லை எல்லாம் சேர்த்தால் நான்கு. 84 அறை ஹோட்டலில் காலையும் சாயங்காலமும் இரண்டிரண்டு பேர், ராத்திரி ஒருவர் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து, வாரத்துக்கு 35 ஷிப்ட், ஆறால் வகுத்தால் ஆறு பேர், லீவுக்கு ஒருவர், ஆக ஏழு அசோசியேட். அதோடு இரண்டு டூட்டி மேனேஜர், ஒரு நைட் ஆடிட்டர், பெல் டெஸ்கில் ஐந்து பேர், ஒரு கெஸ்ட் ரிலேஷன்ஸ். மொத்தம் 16. அறை எண்ணிக்கையைப் பார்த்ததுமே எதிரில் இருப்பவர் மனதுக்குள் இந்தக் கணக்கை ஓட்டிவிடுவார். 28 என்றால் "இத்தனை பேர் எதுக்கு?" என்று வரும், அப்புறம் மற்ற எண்கள் மேலும் சந்தேகம் வரும்.

"நேரடியாக 16 பேர், கூடவே கேட்டரிங் கல்லூரி டிரெய்னி 4" என்று பிரித்து எழுதுங்கள். செக்யூரிட்டியும் வாலேவும் காண்டிராக்ட் என்றால் அவர்கள் ரோஸ்டரை நீங்கள் போடவில்லை, விட்டுவிடுங்கள். பெரிய இடத்துக்கு இன்னும் முக்கியமானது, அந்த 16 பேரில் வருடத்துக்கு எத்தனை பேர் விட்டுப் போனார்கள், எத்தனை பேர் உங்களிடமிருந்து மேலே போனார்கள் என்பது. அசோசியேட்டாகச் சேர்ந்து உங்களிடம் டூட்டி மேனேஜரான ஒருவர் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

84 ரூமை வெச்சுக்கிட்டு 250 ரூம் ஹோட்டல்ல என்ன காட்டறது? நம்பரே சின்னதா இருக்கே.

சராசரி நாளைக் காட்டாதீர்கள், உச்ச நாளைக் காட்டுங்கள். 250 அறை ஹோட்டலில் சாதாரண நாளில் வரும் நெருக்கடி 84 அறையில் முகூர்த்த நாளில் வரும். "ஒரே நாளில் 62 செக்-அவுட், 58 செக்-இன்" என்ற வரியைப் படித்ததும் பெரிய ஹோட்டல்காரருக்குத் தன் ஹோட்டல் தெரியும்.

அந்த நாளை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். 40 அறை கல்யாண கூட்டம், விடிகாலை ஐந்து மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிறது, முந்தின கூட்டமோ பன்னிரண்டு மணிக்குத்தான் காலி செய்யும். முந்தின இரவே 14 அறையை விற்காமல் பிடித்து வைத்து, அதில் முதலில் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று பெண் வீட்டாரிடமே பட்டியல் வாங்கிவிட வேண்டும். அடையாள அட்டை நகல் இரண்டு நாள் முன்பே வாங்கியாகிவிட்டது, குடும்பப் பெயர் எழுதிய கவரில் சாவி, லக்கேஜுக்கு அறை எண் சீட்டு. மற்றவர்களுக்கு முகம் கழுவ, பட்டுப்புடவை மாற்ற ஹாலுக்குப் பக்கத்து இரண்டு அறை. பில் விஷயத்தில் பேச ஒரே ஒரு ஆள், கூடுதல் அறையோ கூடுதல் மெத்தையோ அவர் கையெழுத்து இல்லாமல் கிடையாது. இதைச் செய்யாமல் விட்டால் மறுநாள் "இந்த ரூமை யார் கேட்டது?" என்று மாமாவும் சித்தப்பாவும் கவுன்டரில் நிற்பார்கள், அந்தப் பணம் வசூலாவது கஷ்டம்.

கூட்டம் லாபியை விட்டுப் போக எத்தனை நிமிடம் ஆனது, பில்லில் எவ்வளவு தகராறில் நின்றது. இரண்டு எண் போதும். பெரிய ஹோட்டலில் இதுவே விமானக் குழு, மாநாட்டுக் கூட்டம் என்ற பெயரில் வரும்.

உங்களிடம் இல்லாததும் சில இருக்கும்: லாயல்டி மெம்பர்கள், கிளப் லவுஞ்ச், தினமும் நிறைய வெளிநாட்டவர், அவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய வெளிநாட்டவர் பதிவு. அந்தப் பதிவை நீங்களும் போட்டிருப்பீர்கள், அதை எழுதலாம். மற்றவற்றை இருப்பதாகக் காட்ட வேண்டாம்.

அங்கேயும் எஃப்.ஓ.எம் பதவியே கிடைக்குமா?

84-லிருந்து 120, 150 அறைக்கு என்றால் கிடைக்கலாம். நேராக 250-க்கு, அதுவும் பெரிய செயினுக்கு என்றால் பெரும்பாலும் அசிஸ்டன்ட் எஃப்.ஓ.எம் அல்லது டூட்டி மேனேஜர் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பதவி இறங்குகிறதே என்று மறுத்துவிடுகிறவர்கள் அதிகம். என் கருத்தில், உங்களுக்குக் கீழே எத்தனை பேர், எஃப்.ஓ.எம் லீவில் போனால் யார் பார்ப்பார்கள், ஓப்பரா போன்ற மென்பொருளில் வேலை செய்யக் கிடைக்குமா என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரே செயினுக்குள் மாறுவது என்றால் பதவி குறையாமல் போக வாய்ப்பு அதிகம்.

இந்த நம்பரெல்லாம் வெளியே சொல்லலாமா? எங்க ஜி.எம் கோவிச்சுக்குவாரே.

போட்டி ஹோட்டல்களின் எண்களை, எஸ்.டி.ஆர் ரிப்போர்ட்டின் பக்கங்களை வெளியே கொடுக்கக் கூடாது, அது ஒப்பந்தத்தை மீறுவது. உங்கள் வாடகையும் அதே ஊர்ப் போட்டி ஹோட்டலுக்கு விண்ணப்பிக்கும்போது வியாபார ரகசியம்தான். ரெஸ்யூமேயில் "ரெவ்பார் 4 சதவீதம் கூடியது" என்று மாற்றத்தை மட்டும் எழுதலாம், ரூபாய் வேண்டாம். ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து நேர்காணலில் காட்டுகிறவரை நான் எடுக்க மாட்டேன், நாளைக்கு என் ரிப்போர்ட்டும் அப்படித்தான் போகும். கூகுள் ரேட்டிங், அறை எண்ணிக்கை, டீம் எண்ணிக்கை, உச்ச நாளின் செக்-இன் இவற்றைச் சொல்வதில் தடை இல்லை.

சரி, இதெல்லாம் சேர்த்து எழுதினா எப்படி இருக்கும்?

கோயம்புத்தூர் உதாரணத்தை வைத்தே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்:

> 84 அறை பிசினஸ் ஹோட்டல், நேரடி டீம் 16, டிரெய்னி 4. உச்ச நாளில் 62 செக்-அவுட், 58 செக்-இன்.
>
> இரண்டு வருடத்தில் ஆக்குபன்சி 61-லிருந்து 72 சதவீதம் (மொத்த அறைக் கணக்கில்), சராசரி வாடகை 12 சதவீதம் குறைவு, ரெவ்பார் 4 சதவீதம் உயர்வு.
>
> மதிய உறுதிப்படுத்தும் அழைப்பு மூலம் நோ-ஷோ மாதம் 40-லிருந்து 22. ஹவுஸ்ஃபுல் இரவுகளில் மாதம் 10 அறை மறுவிற்பனை.
>
> கடந்த 12 மாதத்தின் 300 கூகுள் விமர்சனங்களில் சராசரி 4.5. செக்-இன் தாமதப் புகார் நூற்றுக்கு 14-லிருந்து 5.
>
> அசோசியேட் ஒருவர் டூட்டி மேனேஜராக உயர்வு.

வாடகை 12 சதவீதம் குறைவு என்ற வரியைப் பார்த்து நிறையப் பேர் "இதை எடுத்துடலாமே" என்பார்கள். இருக்கட்டும். நேர்காணலில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும், அதற்கு "வாடகை முடிவு ரெவன்யூ பக்கம், என் பக்கத்தில் நான் செய்தது அடுத்த வரியில் இருக்கிறது" என்று சொல்லி நோ-ஷோவுக்குப் போய்விடலாம்.